ஒரு ரூபாய்க்குப் பின்னால் 999: ஆட்டோபேயில் ஒப்புதல் எங்கே நழுவுகிறது?

ஆப்களில் 'ரத்து செய்' பொத்தானை ஒளித்துவைப்பதைப் பற்றி எல்லாரும் எழுதியாச்சு. டார்க் பேட்டர்ன் என்ற பெயரை ஹாரி பிரிக்னல் 2010இல் வைத்ததிலிருந்தே அதுதான் முதல் உதாரணம். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். இந்தியாவில் இப்போ கவனிக்க வேண்டிய இடம் அது இல்லை என்பதுதான் இந்தப் பதிவு. இங்கே வெளியே போற கதவை ரிசர்வ் வங்கி ஏற்கனவே ஓரளவு திறந்து வச்சிருக்கு. அதனால தந்திரம் வாசலுக்கு, அதாவது நாம் பின் நம்பர் போடுகிற அந்தப் பத்து விநாடிக்கு, இடம் மாறிடுச்சு.

முதலில் கதவைப் பற்றி. அதை மெச்சாமல் குறை சொல்வது நியாயமில்லை.

2019 ஆகஸ்ட் 21 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கார்டிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கப்படும் பணத்துக்கான விதிகள். 2020 ஜனவரியில் யுபிஐக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அதன்படி நடக்காத ஆட்டோ டெபிட்டுகள் நின்றுபோயின. விதி சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பணும். அதில் யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எந்த அனுமதியின் பேரில் என்பது இருக்கணும். அந்த ஒரு தடவையை மட்டும் நிறுத்தவோ, மொத்த அனுமதியையே ரத்து செய்யவோ வழி இருக்கணும். அந்த வழி கடைக்காரர் கையில் இல்லை, வங்கி கையில். இதற்குக் கட்டணமும் கிடையாது.

இதன் அருமை புரிய, அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். அமேசான் பிரைமை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர், ஹோமரின் முடியாத போர்க்காவியம். நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகள் என்று அந்நாட்டு எஃப்டிசி 2023 ஜூனில் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆச்சு. அங்கே பிரச்சினை என்னன்னா, வெளியே போற கதவுக்குக் காவலாளி கடைக்காரரே. இங்கே நாம் கடைக்காரரிடம் கேட்கவே வேண்டாம். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, ரத்து கொடுத்து, பின் போட்டால் ஒரு நிமிஷத்துக்குள் முடிஞ்சது.

அப்படியிருந்தும் ஏன் எல்லார் வீட்டிலும் தெரியாத பெயரில் பணம் போகிறது? ஒரு கேஸை முழுசாகப் பார்ப்போம்.

மேல் வீட்டு மாமியின் 1,096 ரூபாய்

மந்தைவெளியில் எங்கள் மேல் வீட்டில் இருக்கும் மாமி, குட்டி குட்டி எபிசோடாக சீரியல் காட்டும் ஒரு ஆப்பில் சேர்ந்தார். விளம்பரத்தில் ஒரு ரூபாய். "ஒரு ரூபாய்தானே, போனா போறதுன்னு போட்டேன்பா" என்றார். நாலு நாளில் அலுத்துப்போய் ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டார். ஆப் போனதோடு சந்தாவும் போச்சு என்று அவர் நினைத்தது இயல்புதான். ஆனால் ஆப்பை அழிப்பதற்கும் வங்கியில் நிற்கும் அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஐந்து மாசம் கழித்து பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதல் நான்கு மாசம் 199 ரூபாய். ஐந்தாவது மாசம் 299. ஆரம்பத்தில் போன ஒரு ரூபாயையும் சேர்த்தால் 1,096. விலை ஏறினபோது அவரிடம் யாரும் பின் நம்பர் கேட்கவில்லை.

பணம் எடுப்பதற்கு முன்னால் எஸ்எம்எஸ் வந்ததா? வந்தது, ஐந்து தடவையும். வங்கி விதிப்படிதான் நடந்திருக்கு. ஆனால் எஸ்எம்எஸ்ஸில் இருந்தது ஆப்பின் பெயர் இல்லை, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப்பெயர். மாமி அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. மொத்தமும் ஆங்கிலம். மாமிக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். "மேண்டேட்டுன்னா எலெக்‌ஷன்ல ஜெயிச்சவாளுக்குக் கிடைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

நான் ஆட்டோபே பட்டியலில் அந்த அனுமதியைத் திறந்து பார்த்தேன். 'அதிகபட்சம் ₹999' என்று இருந்தது. எப்போது எடுக்கலாம் என்ற இடத்தில் மாதாமாதம் என்று இல்லை. கடைக்காரர் கேட்கும்போது என்ற பொருளில் இருந்தது. முடியும் தேதி பல வருஷம் தள்ளி. ஒரு ரூபாய் என்பது அந்தத் திரையில் எங்குமே இல்லை.

வாசலில் இருக்கும் இரண்டு கட்டங்கள்

ஆட்டோபே அனுமதியை உருவாக்கும்போது கடைக்காரரின் பக்கத்திலிருந்து யுபிஐ ஆப்புக்கு ஒரு கோரிக்கை வருது. அதில் நமக்கு முக்கியமான பகுதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
am=999.00&amrule=MAX&recur=ASPRESENTED&rev=Y
```

முதல் கட்டம் தொகை. இரண்டாவது, அந்தத் தொகையை எப்படிப் படிப்பது என்பது. `EXACT` என்றால் அதே தொகை, ஒரு பைசா கூடக்கூடாது. `MAX` என்றால் அது உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்றாவது எத்தனை நாளுக்கு ஒருமுறை. `MONTHLY`, `YEARLY` மாதிரி நிறைய உண்டு. `ASPRESENTED` என்றால் காலக்கணக்கே இல்லை, கடைக்காரர் கேட்கும்போதெல்லாம். கடைசியில் இருப்பது, நாம் இதை ரத்து செய்யலாமா என்பது.

`MAX` என்பதே மோசடி இல்லை. கரண்ட் பில்லுக்கு அதுதான் வேணும். மே மாச பில்லும் டிசம்பர் மாச பில்லும் ஒன்றா? ஆனால் சீரியல் ஆப்பின் விலை வெயிலுக்கு ஏறி மழைக்கு இறங்குவதில்லை. விலை 199 என்று விளம்பரத்தில் நிலையாகச் சொல்லிவிட்டு, அனுமதியை மட்டும் 999 வரைக்கும் வாங்கிவைப்பதற்கு ஒரே பயன்தான்: பின்னால் விலை ஏற்றும்போது மறுபடி கேட்க வேண்டாம்.

இங்கேதான் விதிக்கும் திரைக்கும் இடையே ஒரு ஓட்டை. 2019 சுற்றறிக்கை, தொகை மாறக்கூடிய அனுமதி என்றால் அதிகபட்சத் தொகையை *வாடிக்கையாளர்* தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று சொல்கிறது. நடைமுறையில் 999 என்று கடைக்காரர் நிரப்பி அனுப்புகிறார். பெரும்பாலான திரைகளில் அதை நாம் 199 என்று திருத்த முடியாது. எடு, இல்லேன்னா விடு. நாம் 'குறிப்பிட்டது' பின் நம்பர் மட்டும்தான். அதே சுற்றறிக்கை, முன்னறிவிப்பு 'புரியக்கூடிய மொழியில்' இருக்கணும் என்றும் சொல்கிறது. எஸ்எம்எஸ் வேண்டுமா மின்னஞ்சல் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி பற்றியும் சொல்கிறது. மாமிக்கு வந்த ஐந்து எஸ்எம்எஸ்ஸும் அந்த வரியைத் தாண்டுமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான்.

'இலவசம்' என்ற சொல்லைத் தவிர்க்கும் ஒரு ரூபாய்

நுகர்வோர் பக்கத்திலிருந்து இன்னொரு விதியும் இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை அறிவித்தது. பதின்மூன்று வகைகள். அதில் 'சந்தா வலை' என்ற வகைக்கு நான்கு பிரிவுகள். ரத்து செய்வதை நீளமாக்குவது, ரத்து வழியை ஒளிப்பது, அதற்கான குறிப்புகளைக் குழப்புவது ஆகிய மூன்றும் எதிர்பார்த்தவைதான். மிச்சமிருக்கும் ஒன்று சுவாரசியமானது: *இலவச* சந்தாவுக்காகப் பணம் செலுத்தும் விவரத்தையோ ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயமாகக் கேட்பது.

அதாவது 'ஏழு நாள் இலவசம், ஆனால் இப்பவே ஆட்டோபே போடு' என்பதே இந்த விதிப்படி டார்க் பேட்டர்ன். ரத்து வழி எவ்வளவு சுலபமாக இருந்தாலும் சரி. நல்ல விதி. இப்போ ஒரு ரூபாயைப் பாருங்க. ஒரு ரூபாய் வாங்கினால் அது இலவசம் இல்லையே! இந்த ஒரு ரூபாய்க்கு வேறு தொழில்நுட்பக் காரணமும் சொல்லலாம், பணம் போகிறதா என்று சோதித்துப் பார்க்க என்று. ஆனால் என் வாசிப்பில், அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் குதிக்க ஒரு ரூபாய் வசதியான படிக்கட்டு. ஆணையம் 'இலவச' என்பதோடு 'பெயரளவு விலையுள்ள சோதனைக் கால' என்றும் சேர்த்தால் இந்தப் படிக்கட்டு இடிந்துவிடும்.

ஆணையம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் இணைய வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளணும் என்று அறிவுறுத்தியது. ஆனால் சுயதணிக்கையில் ஒரு தளம் எதைப் பார்க்கும்? தன் திரைகளைப் பார்க்கும். 'ரத்து செய்' பொத்தான் இருக்கா? இருக்கு. டிக். `amrule` கட்டத்தில் என்ன போட்டிருக்கிறோம் என்பது திரையில் இல்லை, கோரிக்கைக்குள் இருக்கு. அது யாருடைய பட்டியலிலும் வராமலேயே போகக்கூடும்.

பேப்பர்காரர் மாசக் கடைசியில் ஏன் வருகிறார்?

இந்தப் பக்கத்துத் தெருக்களில், திருவேங்கடம் தெருவோ நார்ட்டன் ரோடோ, பேப்பர் போடுகிறவருக்கும் நமக்கும் இருப்பது ஒரு சந்தா ஒப்பந்தம்தான். முதலில் பேப்பர், மாசம் முடிந்ததும் காசு. வசூலுக்கு அவர் வாசலில் வந்து நிற்பார். "நாளைலேர்ந்து தமிழ் பேப்பர் மட்டும் போதும்" என்று சொன்னால் அவ்வளவுதான். ஊருக்குப் போனால் பத்து நாள் நிறுத்திவிடலாம், பில்லில் கழிந்திருக்கும்.

இதை அந்தக்கால நல்ல மனசு என்று நான் பார்க்கவில்லை. வசூலுக்கு வந்து நிற்பதுதான் அதன் இயந்திரம். ஒவ்வொரு மாசமும் ஒரு ஆள் வந்து காசு கேட்கிறார் என்றால், ஒவ்வொரு மாசமும் 'இது நமக்கு வேணுமா?' என்ற கேள்வி தானாக வருகிறது. நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் காசு நம்மிடமே இருக்கும். ஆட்டோபேயில் நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் காசு அவர்களிடம் போகும். சோம்பல் யாருக்குச் சாதகம் என்பது தலைகீழாக மாறிவிட்டது. அது வசதிக்காக நாமே ஒப்புக்கொண்ட மாற்றம்தான். ஆனால் வசூல்காரரின் வருகையை எடுத்துவிட்டால், அந்த வருகை செய்த வேலையை வேறு எதுவாவது செய்யணும். வங்கியின் எஸ்எம்எஸ் அதைச் செய்யாது. அவர்களுக்குத் தொகை தெரியும். நீங்கள் சீரியல் பார்த்தீர்களா என்பது தெரியாது. அது தெரிந்தவர் ஒருவர்தான், ஆப்காரர்.

நேர்மையான மூன்று திரைகள்

குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம் என்பதால், அதே சீரியல் ஆப்புக்கு நான் எழுதிப்பார்த்தது இது.

ஒப்புதல் திரை: "7 நாள் பார்க்க இன்று ₹1. பிடித்திருந்தால் ஜூன் 12 அன்று உங்களிடம் மறுபடி கேட்போம். அப்போது மாதம் ₹199." இதில் சோதனைக் காலத்தில் அனுமதியே இல்லை. எட்டாவது நாள் பின் கேட்கும்போது `EXACT`, `MONTHLY`, 199. விலை ஏற்ற வேண்டுமென்றால் புது அனுமதி. 'எட்டாவது நாள் கேட்டால் பாதிப் பேர் போயிடுவாங்களே' என்று ஆப்காரர் சொல்வார். சரிதான். ஆனால் அப்படிப் போகிறவர்கள் வாடிக்கையாளர்களே இல்லை, மறந்துபோனவர்கள். மறதியிலிருந்து வரும் வருமானத்தைச் சந்தா வருமானம் என்று கணக்கெழுதுவதுதான் இங்கே நடக்கிறது.

நினைவூட்டல்: பணம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்னால், ஆப்பின் பெயரிலேயே, சேரும்போது தேர்ந்தெடுத்த மொழியில். "ஜூலை 12 அன்று ₹199 எடுக்கப்படும். கடந்த 30 நாளில் நீங்கள் ஒரு எபிசோடும் பார்க்கவில்லை. தொடர வேண்டாமென்றால் இங்கே நிறுத்தலாம்." இரண்டாவது வாக்கியம்தான் உயிர். இது நடக்காத கனவு இல்லை. 2020 மே மாசம் நெட்ஃபிளிக்ஸ், சேர்ந்ததிலிருந்து ஒரு வருஷமாகவோ, அல்லது கடந்த இரண்டு வருஷத்துக்கு மேலாகவோ எதுவுமே பார்க்காதவர்களிடம் தொடர வேண்டுமா என்று கேட்கப்போவதாகவும், பதில் இல்லையென்றால் தானே ரத்து செய்துவிடுவதாகவும் அறிவித்தது. அப்படிப்பட்டவர்கள் மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்றும் சொன்னது. ஒரு வருஷம் ரொம்ப நீளம், மூன்று மாதம் போதும் என்பது என் கட்சி. ஆனால் கணக்கு அவர்களிடம் இருக்கிறது, செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

ரத்துத் திரை: ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல் இணையத்தில் எடுத்த சந்தாக்களுக்கு ரத்துப் பொத்தான் சட்டப்படி கட்டாயம். ஒரு பொத்தான், அதை அழுத்தினால் ஒரு உறுதிப்படுத்தும் பக்கம், அதில் 'இப்போது ரத்து செய்' என்று இன்னொரு பொத்தான். நம் ஆப்பிலும் அதுபோதும்: "ஜூலை 11 வரை பார்க்கலாம். அதற்குப் பிறகு பணம் எடுக்கப்படாது." ஏன் போறீங்க என்ற கேள்வியை ரத்து ஆன *பிறகு* கேட்கட்டும். அதோடு ஆப்காரர் தன் பக்கத்திலிருந்தே வங்கி அனுமதியையும் ரத்து செய்துவிடணும். சந்தாவை மட்டும் நிறுத்திவிட்டு அனுமதியை அப்படியே விட்டுவைப்பது, வீட்டைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தராத மாதிரி.

இந்த மூன்றையும் அளக்க ஒரு கோல் நம் சட்டத்திலேயே இருக்கு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது ஒப்புதல் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்கணும் என்று ஆறாவது பிரிவில் சொல்கிறது. அது தரவுக்கான சட்டம், பணத்துக்கு இல்லை. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோதுகூட இந்தப் பகுதிக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தாங்க. ஆனால் அளவுகோல் பணத்துக்கும் அப்படியே பொருந்தும்: ஒரு பின்னில் உள்ளே போனால் ஒரு பின்னில் வெளியே வரணும்.

வங்கிக் கதவின் எல்லை

வங்கி வழியாக அனுமதியை ரத்து செய்வது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அது பணம் போவதைத்தான் நிறுத்தும். உங்களுக்கும் கம்பெனிக்கும் இருக்கும் ஒப்பந்தத்தை முடிக்காது. ஜிம், ஆன்லைன் கோச்சிங் மாதிரி வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு மாசத்தவணையில் கட்டுகிற இடங்களில், மீதித் தொகையைக் கேட்டு வருவார்கள். ஆகவே ஆப்பிலும் ரத்து செய்து, அதற்கான மின்னஞ்சலையும் வைத்துக்கொள்வது நல்லது. பிளே ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவை அங்கேயே ரத்து செய்யணும். ஏற்கனவே போன பணம் வங்கி ரத்தால் திரும்பி வராது. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், மாமி கொடுத்திருக்கிறார்.

இந்த விதிகளுக்கு ஒரு விலையும் இருந்தது. 2021 அக்டோபரில் நியாயமாக நடத்திய பலருடைய சந்தாக்களும் சேர்ந்து அறுந்தன. வெளிநாட்டுச் சேவைகளுக்குக் கார்டிலிருந்து மாசாமாசம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நினைவிருக்கும். தந்திரக்காரர்களோ சீக்கிரமே பழகிக்கொண்டார்கள், உச்சவரம்பை ஏற்றி அனுமதி வாங்கினால் போதும் என்று. அதனால் இன்னொரு சுற்று கடுமையான விதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற வரியை நிறைவேற்றினாலே பெரிசு: அதிகபட்சத் தொகையை வாடிக்கையாளர் திருத்தக்கூடிய கட்டமாக யுபிஐ ஆப்கள் காட்டட்டும். 999 என்று வந்ததை நான் 199 ஆக்கிவிட்டுப் பின் போட முடிந்தால், மாமியின் ஐந்தாவது மாச 299 வங்கி வாசலிலேயே நின்றிருக்கும்.

அதுவரைக்கும் பின் போடுவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பாருங்க. தொகைக்கு முன்னால் 'அதிகபட்சம்' என்று இருக்கா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தெளிவாக இருக்கா, எந்தத் தேதியில் முடியுது. விளம்பரத்தில் பார்த்த விலையும் அங்கே இருக்கும் தொகையும் ஒன்றாக இல்லையென்றால், அந்த ஒரு ரூபாயையும் கொடுக்காதீங்க. ஏற்கனவே கொடுத்தவர்கள் இன்றைக்கே ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்க. எங்கள் மாடிப்படியில் மாமியின் பட்டியலைப் பார்த்தபோது, இன்னும் இரண்டு பெயர் இருந்தது.